விருந்தினருக்கு வை-பி: பாஸ்வேர்டை டேக்கில் எழுதி வைக்கும் வழி

வீட்டிற்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் காபி குடித்து முடிப்பதற்குள் கேட்கும் கேள்வி, "வை-பி பாஸ்வேர்ட் என்ன?" என்பதுதான். பாதுகாப்பிற்காக நீளமான பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நடுவில் ஒரு கோடு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இரண்டு முறை தவறாக டைப் செய்த பின்னர், போனையே நம் கையில் கொடுத்து "நீங்களே போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் எண்களை மட்டும் கொண்ட எளிய பாஸ்வேர்டை வைத்துக் கொள்கின்றனர். அது வீட்டின் மொபைல் எண்ணாகவோ பிறந்த நாளாகவோ இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல மாற்று வழி உள்ளது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுள்ள என்.எப்.சி. டேக் ஒன்றில் நெட்வொர்க்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வரவேற்பறையில் ஒட்டிவிடலாம். வருபவர் தன் போனின் பின்புறத்தை அதன் மீது வைத்தால், இந்த நெட்வொர்க்கில் இணையவா என்று போன் கேட்கும். சம்மதம் தெரிவித்தால் இணைப்பு கிடைத்துவிடும். எழுதும் வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் எதை எழுதுகிறோம், அதை யாரெல்லாம் படிக்க முடியும் என்பதைத் தெரிந்து கொள்ளாமல் எழுதினால், வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட கதையாகிவிடும். எனவே முதலில் அதனைப் பார்த்துவிட்டுப் பின்னர் எழுதும் வழிக்கு வருவோம்.

டேக்கிற்குள் என்ன இருக்கிறது?

டேக்கில் பேட்டரி கிடையாது. மெல்லிய சுருளாக ஓர் ஆன்டெனாவும், அதன் முனையில் கடுகளவு சிப் ஒன்றும் மட்டுமே உள்ளன. போன் 13.56 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப் புலத்தை உருவாக்குகிறது. அந்தப் புலத்திலிருந்து கிடைக்கும் மின்சக்தியைக் கொண்டே சிப் விழித்துக் கொண்டு, தன்னிடம் உள்ள தகவலைத் தருகிறது. இதனால்தான் போனை டேக்கிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்திற்குள் கொண்டு செல்ல வேண்டியுள்ளது.

இங்கு பலர் தவறாகப் புரிந்து கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. டேக்கிற்கும் உங்கள் ரௌட்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இப்படி ஒரு டேக் இருப்பதே ரௌட்டருக்குத் தெரியாது. டேக்கில் எழுதப்படும் தகவலின் அமைப்பு, ரௌட்டர்களில் உள்ள WPS வசதிக்காக வை-பி அலையன்ஸ் அமைப்பு வகுத்த முறையிலிருந்து எடுத்தது. ஆனால் ரௌட்டரில் WPS இயங்க வேண்டிய தேவையில்லை. அதன் பின் எண் முறையில் உள்ள பலவீனம் 2011 டிசம்பரிலேயே வெளியானது. எனவே அதை நிறுத்தி வைப்பதே நல்லது. நிறுத்தினாலும் டேக் வேலை செய்யும்.

அப்படியானால் டேக் என்பது என்ன? பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். சீட்டைக் கண்ணால் படிக்கிறோம்; டேக்கைப் போனால் படிக்கிறோம். அதில் உள்ள பாஸ்வேர்ட் எந்தச் சங்கேதக் குறியீடாகவும் மாற்றப்படுவதில்லை. டேக்கின் உள்ளடக்கத்தைக் காட்டும் இலவச அப்ளிகேஷன் ஒன்றைப் போனில் வைத்திருக்கும் எவரும், டேக்கைத் தொட்டு, பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகப் படித்துவிடலாம். இணைந்த பின்னரும் இதே நிலைதான். ஆண்ட்ராய்ட் 10 பதிப்பு முதல், தான் இணைந்துள்ள நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை க்யூ.ஆர். குறியீடாக அடுத்தவருக்குக் காட்டும் வசதி போனிலேயே தரப்பட்டுள்ளது. ஆகவே டேக்கைத் தொட்டவருக்கு பாஸ்வேர்ட் தெரியும் என்றே எடுத்துக் கொள்ள வேண்டும்.

முதல் வேலை: தனி நெட்வொர்க்

இதனால், வீட்டின் முக்கிய நெட்வொர்க்கை டேக்கில் எழுதக் கூடாது. அந்த நெட்வொர்க்கில்தான் உங்கள் கம்ப்யூட்டர், அதில் பகிர்ந்து வைத்துள்ள போல்டர்கள், பிரிண்டர், கண்காணிப்புக் கேமரா எல்லாம் இருக்கின்றன. அதில் நுழைந்தவரின் போனில் வைரஸ் இருந்தால், அது இவை அனைத்தையும் தேடிப் பார்க்க முடியும். விருந்தினர் நல்லவராக இருக்கலாம். அவருடைய போனுக்கு நாம் உத்தரவாதம் தர முடியாது.

இதற்காகவே ரௌட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி தரப்படுகிறது. ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள லேபிளில் அதன் முகவரி இருக்கும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் அதை டைப் செய்து, ரௌட்டருக்கான பெயரையும் பாஸ்வேர்டையும் தந்து உள்ளே செல்லவும். வயர்லெஸ் பிரிவில் Guest Network என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து இயக்கவும். பெயர், பாஸ்வேர்ட் கொடுக்கவும். பாதுகாப்பு வகையில் WPA2 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வீட்டு நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைப் பார்க்க விருந்தினரை அனுமதிப்பதா என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் டிக் இல்லாதபடி பார்த்துக் கொள்ளவும்.

இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் கொடுக்கும் பைபர் மோடம் சிலவற்றில் கெஸ்ட் என்ற சொல்லே இருக்காது. SSID1, SSID2 என்று வரிசையாக இருக்கும். இரண்டாவதை இயக்கினால் புதிய பெயரில் ஒரு நெட்வொர்க் தெரியும். ஆனால் பெயர் மட்டுமே வேறாக இருந்து, உள்ளே இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். இதைச் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

சோதனை எளிது. வை-பி பிரிண்டர் இருந்தால், அதன் ஐ.பி. முகவரியைக் குறித்துக் கொள்ளுங்கள். போனை முக்கிய நெட்வொர்க்கில் இணைத்து, அந்த முகவரியை பிரவுசரில் கொடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்களில், அதன் அமைப்புகளைக் காட்டும் பக்கம் கிடைக்கும். பின்னர் போனை கெஸ்ட் நெட்வொர்க்கிற்கு மாற்றி, மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே முகவரியை மீண்டும் கொடுங்கள். பக்கம் கிடைக்காமல் இருந்தால் நெட்வொர்க் பிரிந்துள்ளது. கிடைத்தால் பிரியவில்லை. பிரிண்டர் இல்லாதவர்கள், பிரவுசரில் திறக்கக் கூடிய கேமராவை வைத்து இதே சோதனையைச் செய்யலாம்.

எந்த டேக்கை வாங்குவது?

கடைகளில் ஆர்.எப்.ஐ.டி., என்.எப்.சி. என்ற பெயர்களில் வில்லைகள், கார்டுகள், சாவிக் கொத்துகள் எனப் பல கிடைக்கின்றன. தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் எல்லாம் உதவாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதவுகளுக்குத் தரப்படும் சாவிக் கொத்து வில்லைகள் பல 125 கிலோ ஹெர்ட்ஸ் வகையைச் சேர்ந்தவை. எந்தப் போனும் அவற்றைப் படிக்காது. மைபேர் கிளாசிக் என்ற வகைக் கார்டை சில போன்கள் படிக்கும். சில போன்கள் படிக்காது. விருந்தினர் எந்தப் போனுடன் வருவார் என்று நமக்குத் தெரியாதே.

நமக்குத் தேவையானது NTAG213 என்ற சிப் உள்ள டேக். இது என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் தயாரிப்பு. என்.எப்.சி. உள்ள போன்கள் அனைத்தும் இதைப் படிக்கும். இதே குடும்பத்தில் NTAG215, NTAG216 என்ற இரண்டும் உள்ளன. வேறுபாடு நினைவக அளவில்தான். 213-இல் 144 பைட், 215-இல் 504 பைட், 216-இல் 888 பைட் நம் பயன்பாட்டிற்குக் கிடைக்கும். நம் வேலைக்கு 213 போதும் என்பதைச் சற்று பின்னர் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டேக்கை எங்கு ஒட்டப் போகிறீர்கள் என்பதையும் வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டும். இரும்பு பீரோ, பிரிட்ஜ் கதவு, ஸ்டீல் சட்டம் போன்றவற்றில் சாதாரண டேக்கை ஒட்டினால், உலோகம் காந்தப் புலத்தை விழுங்கிவிடும். டேக் உயிர் பெறாது. கையில் வைத்திருக்கும்போது நன்றாக இயங்கிய டேக், ஒட்டிய பின்னர் இயங்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். உலோகத்தில் ஒட்டியே ஆக வேண்டும் என்றால், அடியில் பெரைட் அடுக்கு கொண்ட, உலோகப் பரப்பிற்கான டேக் என்று கேட்டு வாங்கவும். மரப் பலகை, சுவர், கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவற்றில் சாதாரண டேக்கே போதும்.

144 பைட் போதுமா?

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். கெஸ்ட் நெட்வொர்க்கின் பெயர் Veedu-Guest. பாஸ்வேர்ட் kolam-7-vaasal. பெயரில் 11 எழுத்துகள். பாஸ்வேர்டில் 14 எழுத்துகள். இந்த விவரங்கள் டேக்கில் கீழ்க்காணும் வகையில் அமைகின்றன.

```
100E 003C
1026 0001 01
1045 000B Veedu-Guest
1003 0002 0020
100F 0002 0008
1027 000E kolam-7-vaasal
1020 0006 FFFFFFFFFFFF
```

இதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் முதலில் உள்ள எண், "இது என்ன தகவல்" என்று சொல்கிறது. அடுத்த எண், "எத்தனை பைட்" என்று சொல்கிறது. 1045 என்றால் நெட்வொர்க்கின் பெயர். 000B என்பது பதினாறு அடிமான முறையில் 11. அதாவது, அடுத்த 11 எழுத்துகள் பெயர் என்று பொருள். 1027 என்றால் பாஸ்வேர்ட். 1003-ல் உள்ள 0020 என்ற எண் WPA2 என்பதையும், 100F-ல் உள்ள 0008 என்ற எண் AES என்பதையும் குறிக்கின்றன. பாஸ்வேர்ட் எப்படி அப்படியே கிடக்கிறது என்பதையும் இங்கே காணலாம்.

முதல் வரிக்குக் கீழே உள்ளவை எல்லாம் சேர்ந்து 60 பைட். முதல் வரிக்கு 4 பைட். இதற்கு மேல், "இது வை-பி தகவல்" என்று போனுக்குச் சொல்லும் தலைப்பு ஒன்று எழுதப்படும். application/vnd.wfa.wsc என்ற அந்தப் பெயருக்கு மட்டும் 23 பைட். அதைச் சார்ந்த குறிப்புகளுக்கு 3 பைட். டேக்கின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க மேலும் 3 பைட். மொத்தம் 93 பைட். 144-இல் இது தாராளமாக அடங்கும்.

இந்தக் கணக்கில் பெயருக்கும் பாஸ்வேர்டுக்கும் 25 பைட் போக, மீதி 68 பைட் எப்போதும் தேவைப்படுவது. எனவே NTAG213-இல் பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்து 76 எழுத்துகள் வரை இருக்கலாம். கடைசி வரியில் உள்ள 1020-ஐ சில அப்ளிகேஷன்கள் எழுதுவதில்லை. அப்போது 10 பைட் மிச்சமாகும். பெயருக்கு அதிகபட்சம் 32 பைட், பாஸ்வேர்டுக்கு அதிகபட்சம் 63 எழுத்துகள் என்பது வை-பி விதி. இரண்டையும் முழுமையாகப் பயன்படுத்தினால் 95 ஆகி, 213-இல் இடம் போதாது. அப்படிப்பட்டவர்கள் மட்டும் 215 வாங்கினால் போதும்.

நெட்வொர்க்கிற்குத் தமிழில் பெயர் வைக்க விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யு.டி.எப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. "வீடு" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்துகள்தான். ஆனால் வ, அதன் நெடில் குறி, ட, அதன் உகரக் குறி என நான்கு குறியீடுகள். ஆக 12 பைட். 32 பைட்டுக்குள் பத்துக் குறியீடுகள்தான் அடங்கும்.

எழுதும் வழி

எழுதுவதற்கு என்.எப்.சி. உள்ள போன் ஒன்று வேண்டும். ஆண்ட்ராய்டில் NFC Tools என்ற இலவச அப்ளிகேஷனை பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிப் பதிந்து கொள்ளவும். போனின் செட்டிங்ஸ் பிரிவில் NFC இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவும். பின்னர் கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. அப்ளிகேஷனில் READ என்ற டேப்பைத் திறந்து, டேக்கைப் போனின் பின்புறம் வைக்கவும். டேக்கின் வகை திரையில் தெரியும். NTAG213 என்று காட்டினால் சரியான டேக்கையே வாங்கியுள்ளீர்கள். போனில் எந்த அசைவும் இல்லை என்றால் அது 125 கிலோ ஹெர்ட்ஸ் வில்லையாக இருக்கலாம்.

2. WRITE டேப்பிற்குச் சென்று Add a record என்பதைத் தட்டவும். கிடைக்கும் பட்டியலில் வை-பி நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. பாதுகாப்பு வகையாக WPA2-Personal என்பதையும், சங்கேத வகையாக AES என்பதையும் தேர்ந்தெடுக்கவும்.

4. SSID கட்டத்தில் Veedu-Guest என்றும், பாஸ்வேர்ட் கட்டத்தில் kolam-7-vaasal என்றும் டைப் செய்யவும். (இது எடுத்துக்காட்டு மட்டுமே; இதே பாஸ்வேர்டை உங்கள் வீட்டில் வைக்க வேண்டாம்.) பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனிக்கவும். போனின் கீ போர்ட் ஒரு சொல்லை முடித்துத் தரும்போது, கடைசியில் ஓர் இடைவெளியைத் தானாகச் சேர்த்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டேக்கில் பதிவாகிவிடும். அதை அழித்துவிடவும்.

5. OK தட்டிய பின்னர், Write பட்டனைத் தட்டவும். எத்தனை பைட் எழுதப் போகிறது என்பது அதிலேயே காட்டப்படும். நம் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொடக்க, முடிவுக் குறிகளுக்கான 3 பைட் இதில் சேராததால், எண் சற்றுக் குறைவாக இருக்கும்.

6. டேக்கைப் போனின் பின்புறம் வைத்து, எழுதி முடிந்தது என்ற செய்தி வரும்வரை அசைக்காமல் பிடித்திருக்கவும். பாதியில் எடுத்துவிட்டால் தகவல் அரைகுறையாக நிற்கும். அப்படி ஆனாலும் கவலை வேண்டாம். மீண்டும் எழுதினால் சரியாகிவிடும். இந்தச் சிப்பில் ஒரு லட்சம் முறை வரை எழுதலாம்.

வேலை செய்கிறதா?

எழுதிய போனிலேயே சோதிப்பதில் பயனில்லை. அதில் அந்த நெட்வொர்க் ஏற்கெனவே பதிவாகி இருக்கும். டேக் தவறாக இருந்தாலும், சரியாக இருப்பது போலத் தோன்றும். வீட்டில் உள்ள வேறொரு போனை எடுத்து, திரையைத் திறந்து, டேக்கின் மீது வைக்கவும். போன் பூட்டிய நிலையில் இருந்தால் ஆண்ட்ராய்ட் டேக்கைக் கண்டுகொள்ளாது. "தொட்டேன், ஒன்றும் வரவில்லை" என்று விருந்தினர் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அடுத்த காரணம், போனில் NFC நிறுத்தப்பட்டிருப்பது. மூன்றாவது, தடித்த உறை அல்லது காரில் போனை நிறுத்துவதற்காக உறைக்குள் வைத்திருக்கும் உலோகத் தகடு. உறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால், Veedu-Guest நெட்வொர்க்கில் இணையவா என்று ஒரு சிறிய கட்டம் தோன்றும். 2014-இல் வெளியான ஆண்ட்ராய்ட் 5 முதல் இந்த வசதி போனிலேயே உள்ளது. எனவே விருந்தினர் எந்த அப்ளிகேஷனையும் பதிய வேண்டியதில்லை.

கட்டம் தோன்றி, சம்மதமும் கொடுத்த பின்னர் இணைப்பு கிடைக்கவில்லை என்றால், கோளாறு டேக்கைப் படிப்பதில் இல்லை, எழுதியதில் உள்ளது. பெயரிலோ பாஸ்வேர்டிலோ பிழை இருக்கிறதா என்று READ டேப்பில் பார்க்கவும். அவை சரியாக இருந்தால், ரௌட்டரின் பாதுகாப்பு வகையைப் பார்க்கவும். அது WPA3 மட்டும் என்று இருந்தால், காரணம் கிடைத்துவிட்டது. டேக்கில் எழுதப்படும் தகவல் அமைப்பு WPA3 வருவதற்கு முன்னர் உருவானது. WPA2-க்கு 0020 என்ற எண் இருப்பது போல, WPA3-க்கு அதில் எண் இல்லை. கெஸ்ட் நெட்வொர்க்கை மட்டும் WPA2 அல்லது WPA2/WPA3 கலந்த நிலைக்கு மாற்றினால் சரியாகும். முக்கிய நெட்வொர்க் WPA3-இலேயே இருக்கட்டும்.

பூட்டுவதா, வேண்டாமா?

எழுதியபடியே விட்டுவிட்டால், டேக்கை யாரும் அழித்து வேறொன்றை எழுதிவிடலாம். வீட்டு வரவேற்பறையில் இதனால் பெரிய ஆபத்து இல்லை. குழந்தைகள் விளையாட்டாக அழித்தால் மீண்டும் எழுதிக் கொள்ளலாம். ஆனால் கடை, கிளினிக், டியூஷன் வகுப்பு என வெளியார் வந்து போகும் இடங்களில் இது உண்மையான பிரச்னை. நெட்வொர்க் விவரத்தை அழித்துவிட்டு, ஓர் ஏமாற்று இணைய தளத்தின் முகவரியை ஒருவர் எழுதி வைத்துவிடலாம். அதன் பின்னர் தொடுபவர்கள், உங்களை நம்பி அந்தத் தளத்திற்குச் செல்வார்கள்.

இதற்கு இரண்டு வகைப் பூட்டுகள் உண்டு. NFC Tools-இல் OTHER என்ற டேப்பில் இரண்டும் கிடைக்கும். முதலாவது Lock tag. இது நிரந்தரமானது. சிப்பில் இதற்கென உள்ள பிட்கள் ஒரு முறை மாறினால் மீண்டும் மாறாது. யாராலும் திறக்க முடியாது, உங்களாலும் முடியாது. பாஸ்வேர்டை மாற்றினால், டேக்கைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். இரண்டாவது Set password. இது எழுதுவதற்கு மட்டும் தடை போடும். நாம் தரும் சொல் தெரிந்தால் மீண்டும் எழுதலாம். இந்தச் சொல் வை-பி பாஸ்வேர்ட் அல்ல, வேறொன்றாகவே இருக்கட்டும். அதை எங்காவது குறித்து வைக்கவும். மறந்துவிட்டால், முதல் வகைப் பூட்டைப் போட்டது போல்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. NTAG213-இல் இந்தத் தடையை எழுதுவதற்கு மட்டுமன்றி, படிப்பதற்கும் சேர்த்துப் போட முடியும். அப்படிப் போட்டுவிட்டால் விருந்தினரின் போனால் டேக்கைப் படிக்க இயலாது. எந்த அப்ளிகேஷனைப் பயன்படுத்தினாலும், பூட்டிய பின்னர் மீண்டும் ஒரு முறை இரண்டாவது போனில் தொட்டுச் சோதிக்கவும்.

பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்ற வேண்டிய வீட்டிற்கு Set password பொருத்தமானது. வெளியார் வரும் இடத்திற்கு Lock tag போட்டு, மாற்றும்போது புது டேக் ஒட்டுவது பாதுகாப்பானது. எந்தப் பூட்டும், டேக்கின் மேல் இன்னொரு டேக்கை ஒட்டுவதைத் தடுக்காது. கடை வைத்திருப்பவர்கள் கல்லாவிற்கு அருகில், கண் பார்வையில் படும் இடத்தில் ஒட்டுவது நல்லது.

ஐபோன் வைத்திருப்பவர்கள்

ஐபோன் இந்த டேக்கைப் பார்த்து நெட்வொர்க்கில் இணையாது. 2018-இல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். மாடல்கள் முதல், ஐபோன்கள் அப்ளிகேஷன் இல்லாமலேயே டேக்குகளைப் படிக்கின்றன. ஆனால் இணைய முகவரி, தொலைபேசி எண் போன்ற வகைகளுக்கு மட்டுமே அவை செயல்படுகின்றன. வை-பி தகவல் அந்தப் பட்டியலில் இல்லை. குறைந்த விலை ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் என்.எப்.சி. வசதியே இல்லை. எனவே டேக்கை மட்டும் நம்பினால், வருபவர்களில் பலர் மீண்டும் "பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்பார்கள்.

இவர்களுக்காக, டேக்கிற்குப் பக்கத்தில் ஒரு க்யூ.ஆர். குறியீட்டை அச்சிட்டு ஒட்டவும். க்யூ.ஆர். உருவாக்கும் எந்த அப்ளிகேஷனிலும், எழுத்து வகையைத் தேர்ந்தெடுத்து, இந்த வரியைக் கொடுத்தால் போதும்.

```
WIFI:T:WPA;S:Veedu-Guest;P:kolam-7-vaasal;;
```

WPA2 நெட்வொர்க்கிற்கும் இதில் WPA என்றே தர வேண்டும். 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல், ஐபோனின் கேமராவைக் காட்டினாலே இது இயங்கும். பாஸ்வேர்டில் அரைப்புள்ளி, கால்புள்ளி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், பின்சாய் கோடு ஆகியவை இருந்தால், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பின்சாய் கோடு சேர்க்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தவிர்க்க, கெஸ்ட் பாஸ்வேர்டில் எழுத்து, எண், சிறு கோடு ஆகியவற்றை மட்டும் வைத்துக் கொள்வதே எளிது. இணைய தளங்களில் இந்தக் குறியீட்டை உருவாக்கும்போது உங்கள் பாஸ்வேர்டை அந்தத் தளத்திற்குத் தருகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அதைவிட எளிய வழி, நெட்வொர்க்கில் இணைந்துள்ள உங்கள் ஆண்ட்ராய்ட் போனே காட்டும் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கிரீன் ஷாட் எடுத்து அச்சிடுவது.

பாஸ்வேர்டை மாற்றும்போது

வீட்டில் விசேஷம் முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றிவிடுவது நல்ல பழக்கம். முன்பு இதை நினைத்தாலே அலுப்பாக இருக்கும். வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களிலும் புதிய பாஸ்வேர்டை டைப் செய்ய வேண்டும். இப்போது உங்கள் சாதனங்கள் முக்கிய நெட்வொர்க்கில் இருப்பதால் அந்த வேலையே இல்லை.

முதலில் ரௌட்டரில் கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றவும். பின்னர் NFC Tools-இல் டேக்கின் எழுத்துத் தடையை நீக்கி, புதிய பாஸ்வேர்டை எழுதி, மீண்டும் தடை போடவும். க்யூ.ஆர். தாளையும் புதிதாக அச்சிட்டு ஒட்டவும். முன்பு வந்து சென்ற ஒருவர் மறுபடியும் வந்து டேக்கைத் தொடும்போது இணைப்பு கிடைக்கவில்லை என்றால், அவருடைய போனில் பழைய பாஸ்வேர்ட் பதிவாகி இருக்கும். வை-பி பட்டியலில் Veedu-Guest என்பதைத் திறந்து, Forget என்பதைத் தட்டிவிட்டு, மீண்டும் டேக்கைத் தொடச் சொல்லவும். புதிய பாஸ்வேர்டுடன் போன் இணைந்துவிடும்.